'நல்ல கம்பெனி பைப்' என்றால் எது? வேலைக்கு முன்பே கான்ட்ராக்டருக்கு டீச்சர் எழுதிய கடிதம்!

மதுரை திருநகரில் வீடு கட்டும் அந்த டீச்சருக்கு வந்த கொட்டேஷனில், குழாய் வேலைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'பிளம்பிங் - நல்ல கம்பெனி மெட்டீரியல்.'

முதல் வீட்டிலும் இதே வரிதான். அங்கே கீசரிலிருந்து வரும் வெந்நீர் லைனுக்குச் சாதாரண பி.வி.சி பைப்பைப் போட்டுவிட்டார்கள். சூட்டில் அது இளகி, ஜாயின்ட் விட்டு, படுக்கையறைச் சுவர் ஓதம் அடித்தது. கசிவைத் தேடி பாத்ரூம் டைல்ஸை உடைத்ததில், டைல்ஸ் செலவே பைப் செலவைத் தாண்டிவிட்டது. பைப்பும் நல்ல கம்பெனிதான், வகைதான் தப்பு!

அதனால் இந்த முறை, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒரு பக்கக் கடிதம் எழுதினார்.

'சுவருக்குள் போகும் தண்ணீர் லைன் முழுவதும் சி.பி.வி.சி. பைப்பின் மேல் ஐ.எஸ்.ஐ முத்திரை, ஐ.எஸ் 15778, எஸ்.டி.ஆர் 11 என்று அச்சாகி இருக்க வேண்டும். சுவரை வெட்டும் முன் நான் பார்ப்பேன்' என்பது முதல் பத்தி.

எஸ்.டி.ஆர் என்பது பைப்பின் வெளிவிட்டத்தை அதன் கனத்தால் வகுத்தால் வரும் எண். எண் குறைந்தால் பைப் தடிமன். முக்கால் இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் சுமார் 22 மி.மீ. எஸ்.டி.ஆர் 11 என்றால் கனம் சுமார் 2 மி.மீ. கடையில் எஸ்.டி.ஆர் 13.5-ம் கிடைக்கும், விலை குறைவு, கனமும் குறைவு. இரண்டும் ஒரே நிறம் என்பதால், அச்சைப் படிக்காமல் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது ஃபிட்டிங்ஸ். எல்போ, டீ எல்லாம் அதே சி.பி.வி.சி-யில். டேப் மாட்டும் இடங்களில் மட்டும் உள்ளே பித்தளை மரை உள்ள எல்போ. பிளாஸ்டிக் மரையில் பித்தளை டேப்பை இறுக்கினால் விரிசல் விடும் என்பது காரணம். ஒட்டுவதற்கு சி.பி.வி.சி-க்கென்று விற்கும் சிமென்ட் மட்டுமே. கையில் இருக்கும் பி.வி.சி பசையைத் தடவுவது தளங்களில் சகஜம்; கழிவுநீர் பைப்புக்கு அது சரி, வெந்நீர் லைனுக்கு ஆகாது. கழிவுநீர் லைனுக்கு 'டைப் பி' என்று ஒரு வரி. 'டைப் ஏ' மழைநீருக்கானது, மெலிசு.

கான்ட்ராக்டர் இதுவரை தலையாட்டினார். மூன்றாவது பத்தியில்தான் முகம் மாறியது.

'பூச்சு வேலைக்கு முன், எல்லா முனைகளையும் பிளக் போட்டு அடைத்து, கை பம்ப்பால் 10 கிலோ பிரஷர் ஏற்றி, ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். முள் இறங்கக் கூடாது. அது முடிந்த பிறகே பிளம்பிங் பணத்தின் இரண்டாம் தவணை.'

"டீச்சர், மாடி டேங்க் தண்ணிதானே, 10 கிலோ எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டேங்கிலிருந்து டேப் 10 மீட்டர் கீழே இருந்தால்தான் ஒரு கிலோ பிரஷரே வரும். ஆனால் அந்த ஒரு கிலோவில், அரைகுறை ஜாயின்ட்கூட மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். டைல்ஸ் ஒட்டிக் குடிவந்த பிறகுதான் கசியத் தொடங்கும்.

டெஸ்ட் நாளில் நடந்ததே இதற்குப் பதில். கடைசி ஜாயின்ட் ஒட்டி ஒரு நாள் விட்டு, லைனில் தண்ணீர் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றிய பின் பம்ப் அடித்தார்கள். (காற்று தங்கினால் முள் பொய் சொல்லும். தண்ணீருக்குப் பதில் காற்றையே ஏற்றுவது ஆபத்து. பிளாஸ்டிக் பைப் வெடித்துச் சிதறலாம்.) கால் மணி நேரத்தில் முள் 10-லிருந்து 7-க்கு வந்துவிட்டது.

தேடிப் பார்த்ததில், மாடி பாத்ரூமில் ஓர் எல்போவின் கழுத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். அளவு பார்க்கச் செருகிய பைப்பைப் பிளம்பர் ஒட்டவே மறந்திருக்கிறார்! இறுக்கமாகச் செருகியிருந்ததால் அத்தனை நாளும் பார்வைக்குச் சரியாகவே இருந்தது. எல்போவை வெட்டி எடுத்து, புதிதாக ஒட்டி, மறுநாள் மறுபடி டெஸ்ட். இந்த முறை ஒரு மணி நேரமும் முள் அசையவில்லை.

இந்த டெஸ்ட் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது. குளிர்ந்த தண்ணீரில் செய்வதால், முதல் வீட்டின் பி.வி.சி பைப்கூட இதில் பாஸ் ஆகியிருக்கும். அதற்குத்தான் முதல் பத்தி. கழிவுநீர் லைனுக்கும் 10 கிலோ ஏற்ற முடியாது. அடியில் அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பதோடு சரி.

கடிதத்தின் இரண்டு பிரதிகளிலும் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். டெஸ்ட் முடிந்த மாலையே இரண்டாம் தவணையும் அவர் கைக்குப் போய்விட்டது. மறுநாள் கொத்தனார் பூச்சு வேலையைத் தொடங்கும் முன், ஒவ்வொரு சுவரிலும் பைப் போகும் பாதையை ஸ்கேல் வைத்து மொபைலில் படம் எடுத்துக்கொண்டார் டீச்சர். பிறகு ஆணி அடிக்கும்போது தேவைப்படுமாம்.