மாதம் பத்து சதவீதம்: ஒரு வரவு செலவுக் கணக்கு

நண்பா, அந்த சிக்னல் சேவைக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாதே. நீ அனுப்பிய எண்களை வைத்தே காரணம் சொல்கிறேன். உன் முதல் ₹1 லட்சம், மாதச் சந்தா ₹4,000. அவர்கள் மென்பொருள் நாளுக்கு இரண்டு நிஃப்டி ஆப்ஷன் டிரேடுகளைத் தானாகவே போடும். மாதம் ₹10,000 லாபம் உறுதி என்கிறார்கள்.

ஒரே ஒரு டிரேடைப் பார். 2025-இல் இருந்தபடி 75 எண்ணிக்கை கொண்ட லாட்டை ₹100 பிரீமியத்தில் வாங்கி ₹104-க்கு விற்றால் லாபம் ₹300. வாங்கவும் விற்கவும் புரோக்கரேஜ் ₹40. விற்ற தொகை ₹7,800. 2024 அக்டோபரில் வந்த 0.1 சதவீத விகிதத்தில் வைத்தாலும் எஸ்.டி.டி. ₹8. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி., முத்திரைக் கட்டணம் மூன்றும் சேர்ந்து ₹14. மொத்தம் ₹62.

காண்ட்ராக்ட் நோட்டில் தனி வரியாக வராத செலவு ஒன்று உண்டு: ஸ்லிப்பேஜ். சந்தாதாரர்கள் எல்லோருடைய ஆர்டரும் ஒரே நொடியில் போய் விழுவதால், சிக்னல் சொன்ன ₹100 உனக்குக் கிடைக்காது. வாங்கும்போது ஒரு ரூபாய், விற்கும்போது ஒரு ரூபாய் நழுவினாலே ₹150 போய்விடும்.

மாதம் 20 நாள், 40 டிரேடு. கட்டணம் ₹2,480, ஸ்லிப்பேஜ் ₹6,000, சந்தா ₹4,000, ஆக ₹12,480. அவர்கள் காட்டும் ₹10,000, சிக்னல் விலையில் போட்ட கணக்கு. அது முழுக்க உண்மையாகவே இருந்தாலும் உன் கையிலிருந்து ₹2,480 போகும்.

"பத்தில் எட்டு சிக்னல் சரி" என்பதிலும் மயங்காதே. எட்டு முறை 5 புள்ளி வந்தால் வரவு 40. இரண்டு முறை 25 புள்ளி போனால் இழப்பு 50. எவ்வளவு முறை ஜெயித்தார்கள் என்பதைவிட, தோற்றபோது எவ்வளவு போனது என்றுதான் கேட்க வேண்டும். விளம்பரத்தில் அந்த எண் இருக்காது.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். கட்டணங்களையும் சேர்த்து சராசரியாக ஆளுக்கு ₹2 லட்சம். 2023-24-இல் கட்டணமாக மட்டுமே சராசரியாக ₹26,000 போயிருக்கிறது.

இன்னும் மனம் கேட்கவில்லை என்றால் இரண்டு கேள்வி கேள். செபி பதிவு எண் என்ன? ஆய்வாளர் என்றால் அது INH என்று தொடங்கும். செபி இணையதளத்தில் அதே பெயரில் இருக்கிறதா என்று நீயே பார். பதிவு பெற்றவர் லாபத்துக்கு உறுதி தர விதி இடம் தருவதில்லை. அடுத்து, அவர்கள் சொந்தக் கணக்கின் ஓராண்டு காண்ட்ராக்ட் நோட்டுகளை, நஷ்ட நாட்களையும் சேர்த்து, காட்டச் சொல். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஏற்காதே. உன் டீமேட் பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ கேட்டால் அப்போதே பேச்சை நிறுத்திவிடு.