மேசை முதலா, புத்தகம் முதலா?

சீன மொழியின் தொடக்கப் பாடங்களிலேயே யோவ், த்ஸாய் என்ற இரண்டு சொற்கள் வந்துவிடுகின்றன. அகராதியைப் புரட்டினால் யோவ் என்பதற்கு ‘உண்டு’ என்றும், த்ஸாய் என்பதற்கு ‘ஓர் இடத்தில் இருக்கிறது’ என்றும் பொருள் இருக்கும். இதில் குழப்பத்துக்கு என்ன இடம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆங்கில வாக்கியத்தை முன்னால் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்காரும்போது கை தயங்குகிறது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ‘இஸ்’ என்ற ஒரே வினைதான் நிற்கிறது.

‘தேர் இஸ் எ புக் ஆன் த டேபிள்’ என்பது சீனத்தில் ‘ஜுவோத்ஸ ஷாங் யோவ் யி பென் ஷூ’. ‘த புக் இஸ் ஆன் த டேபிள்’ என்பது ‘ஷூ த்ஸாய் ஜுவோத்ஸ ஷாங்’. ஜுவோத்ஸ என்பது மேசை, ஷாங் என்பது மேலே, ஷூ என்பது புத்தகம். முதல் வாக்கியத்தில் இடம் முன்னால் வந்து, யோவுக்குப் பின்னால் பொருள் வருகிறது. இரண்டாவதில் பொருள் முன்னால் வந்து, த்ஸாயுக்குப் பின்னால் இடம் வருகிறது.

எதை எப்போது எடுப்பது? ‘இஸ்’ என்பதைப் பார்த்துப் பயனில்லை. அந்த ‘எ’யையும் ‘த’வையும்தான் பார்க்க வேண்டும். கேட்பவர் இதுவரை அறியாத ஒரு புத்தகத்தை முதல்முறையாகச் சொல்கிறோம் என்றால் யோவ். எந்தப் புத்தகம் என்று இருவருக்கும் தெரியும், இருக்கும் இடம் மட்டும்தான் செய்தி என்றால் த்ஸாய்.

தமிழருக்கு இது புதிதல்ல. ‘மேசை மேல் ஒரு புத்தகம் இருக்கிறது’, ‘புத்தகம் மேசை மேல் இருக்கிறது’ என்று இதே வேறுபாட்டை நாம் சொல்வரிசையாலேயே காட்டிவிடுகிறோம். ஆங்கில வாக்கியத்தை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தால், எது முன்னால் வர வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

பெய்ஜிங்கில் ஒருவருக்குக் காய்ச்சல், மருந்துக்கடை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘எங்கே’ என்ற எண்ணம் மனத்தில் இருப்பதால் ‘யாவ்தியென் த்ஸாய் நாலி?’ என்று கேட்கத்தான் வாய் வரும். அப்படிக் கேட்டால், இருவருக்கும் தெரிந்த ஒரு குறிப்பிட்ட கடையை விசாரிப்பதுபோல் ஆகிவிடும். பக்கத்தில் கடை உண்டா என்பதே தெரியாதபோது ‘ஃபூஜின் யோவ் யாவ்தியென் மா?’ என்பதுதான் பொருத்தமான கேள்வி. ஃபூஜின் என்றால் பக்கத்தில். மா என்பது நம் ‘ஆ’ போன்ற வினா ஒட்டு. வழிப்போக்கர் ‘யோவ்’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்வார். இப்போது கடை ஒன்று உண்டு என்று தெரிந்துவிட்டது. இனி ‘த்ஸாய் நாலி?’ என்று தாராளமாகக் கேட்கலாம். ‘த்ஸாய் யின்ஹாங் பாங்பியென்’, அதாவது வங்கிக்குப் பக்கத்தில், என்று பதில் வரும். யோவ் அறிமுகப்படுத்திய கடையை அடுத்த வரியில் த்ஸாய் ஏற்றுக்கொள்வதைக் கவனியுங்கள். சீனர்களின் அன்றாடப் பேச்சில் இந்தக் கைமாற்றம் ஓயாமல் நடக்கிறது.

ஆங்கில வழியில் வருபவர்களிடம் இன்னொரு பிழையும் அடிக்கடி தென்படும்: ‘ஷூ த்ஸாய் ஜுவோத்ஸ’ என்று ஷாங்கை விட்டுவிடுவது. த்ஸாயே ‘ஆன்’ என்பதன் வேலையையும் பார்த்துவிடும் என்று நினைப்பதால் வரும் பிழை இது. மேசை என்பது ஒரு பொருள். மேலே, உள்ளே என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால்தான் சீனத்தில் அது இடமாகும். பெய்ஜிங் போன்ற ஊர்ப்பெயர்கள் முன்பே இடமாக இருப்பதால் அவற்றுக்கு இது வேண்டாம்.

மறுப்பிலும் இரண்டும் பிரிந்தே நிற்கின்றன. யோவின் மறுப்பு ‘மெய்யோவ்’. த்ஸாயின் மறுப்பு ‘பூ த்ஸாய்’. பொதுவான ‘பூ’வை யோவுக்கு முன்னால் வைத்து ‘பூ யோவ்’ என்று சொல்வது தவறு. வாங் ஆசிரியரைத் தேடி வந்தவர் ‘வாங் லாவ்ஷி த்ஸாய் மா?’ என்று கேட்டால் ‘பூ த்ஸாய்’ என்பது ‘அவர் இங்கே இல்லை’ என்ற பதில். பூட்டாத வீட்டு வாசலில் நின்று ‘யோவ் ரென் மா?’ என்று குரல் கொடுப்பவரோ, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார். ரென் என்றால் ஆள். யார் என்பது அவருக்கு முக்கியமில்லை.

பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஆளுக்குப் பொதுவாக த்ஸாய்தான் வரும். ஆனால் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடுக்கும்போது மட்டும் யோவுக்குப் பின்னாலும் வாங் ஆசிரியர் வரலாம். அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை அவர் பெயரும் கேட்பவருக்குப் புதிய செய்திதான்.