கொடி அடுப்பில் ஓர் ஈயச்சொம்பு

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. மண் அடுப்பின் முன்னால் பாட்டி குந்தியிருக்கிறார். விறகு எரியும் குழியில் வெண்கலப்பானை, பக்கத்துக் குழியில் சின்ன ஈயச்சொம்பு. சுவர் ஆணியில் நீளக் காம்புள்ள இரும்புக் கரண்டி.

பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்குப் பேத்தி இந்தப் படத்தோடு வந்தாள். பாட்டியின் ரசத்தை அதே அடுப்பில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. உள்ளூரில் இருக்கும் சித்தி கூட வந்தார். பரணில் சொம்பும் கிடைத்தது.

"வெறும் சொம்பை ஏத்திடாதே. புளித்தண்ணிய ஊத்திட்டு அப்புறம் அடுப்புல வை" என்றார் சித்தி.

ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை உலோகம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், ஆபத்தில்லை. ஆனால் தீ பெரிதாகி, ரசத்தின் மட்டத்துக்கு மேலே சொம்பின் பக்கத்தை நக்கினால், அங்கே சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் கிடையாது. கேஸ் அடுப்பில் பல சொம்புகள் ஓட்டையாவது இப்படித்தான். படத்தில் சொம்பு பக்கத்துக் குழியில் இருப்பதற்கும் இதுவே காரணம். அந்தக் குழிக்குத் தனியாக விறகு வைப்பதில்லை. முன்குழியில் எரிந்து மிஞ்சும் அனல் ஒரு துளை வழியாக அங்கே போகும். கொடி அடுப்பு என்பது இந்த அமைப்பைத்தான். சோறு வேகும் தீயிலேயே ரசமும் மெல்லச் சூடேறிவிடும். தாளிப்பு மட்டும் தனியாக இரும்புக் கரண்டியில். காய்ந்த நெய்யின் சூட்டை ஈயத்திடம் ஒப்படைக்க முடியாது.

சொம்பில் காரீயம் கலந்திருந்தால் புளிப்பில் அது கரைந்து ரசத்தில் இறங்கும், உடம்புக்கு நஞ்சு. புதிதாக வாங்குகிறவர்கள் இதை விசாரிக்காமல் வாங்கவே கூடாது.

விறகைப் பற்றவைத்ததும் புகை முகத்தில் அடித்தது. விறகு ஈரமோ என்று பேத்தி பார்த்தாள், நன்றாகவே உலர்ந்திருந்தது. சித்தி சொம்பைத் தூக்கிக் காட்டினார். பக்கக் குழியின் விளிம்பில் பாத்திரத்தைத் தாங்க மூன்று மண் குமிழ்கள் இருக்க வேண்டும். அவை தேய்ந்துபோயிருந்தன. அதனால் சொம்பு குழியை மூடிபோல அடைத்துவிட, அனலுக்கு வெளியேற வழியில்லாமல் புகை விறகு வாய்ப்பக்கமே திரும்பியது. மூன்று ஓட்டுச் சில்லுகளை விளிம்பில் வைத்துச் சொம்பைத் திரும்ப ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் தீ உள்ளே இழுத்தது.

புளித்தண்ணீரில் பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீர் விட்டு, மேலே நுரை கட்டியவுடன் இறக்கினார் சித்தி. கொதிக்க விட்டால் மணம் போய்விடுமாம்.

சாப்பிட்டு முடித்ததும் குளத்து மண்ணுக்கு ஆள் அனுப்பினார்கள். நறுக்கிய வைக்கோலைச் சேர்த்து மிதித்து, ஊறவிட்டு, அதில் குமிழ்களைப் பிடித்து வைக்க வேண்டும். நிழலில்தான் காய வேண்டும். வெயில் பட்டால் வெடிப்பு விழும்.