அளவும் போக்கும்

ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன், மருத்துவம் படித்தவனல்ல. தைராய்டு புற்றுநோய்க்காக என் மனைவியின் சுரப்பியை முழுக்க எடுத்தபின், பெங்களூர் ரிப்போர்ட்டுகளைப் பேரேடு மாதிரி எழுதி வைத்துப் படித்தேன்.

தைரோகுளோபுலின், தைராய்டு செல்கள் மட்டுமே செய்யும் புரதம். சுரப்பியை எடுத்து, கதிரியக்க அயோடினும் கொடுத்தபின் அது ரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமல் போக வேண்டும். மறுபடி ஏறினால் எங்கோ செல் மிச்சமிருக்கிறதென்று சந்தேகம்.

இவளுக்கு 0.1 நானோகிராமுக்கும் கீழே. மகிழ்ந்தேன். டாக்டர் அடுத்த வரியைக் காட்டினார்: எதிர்ப்பொருள் 240. ஏறத்தாழ நாலில் ஒரு நோயாளிக்கு இது உண்டு. புரதத்தைப் பற்றிக்கொண்டு, வழக்கமான பரிசோதனையின் கண்ணுக்கு மறைத்துவிடும். ஆகவே அந்த 0.1ஐ மட்டும் நம்ப முடியாது.

அப்போது எதிர்ப்பொருளின் போக்கைத்தான் பார்க்க வேண்டும். தூண்டும் புரதம் இல்லாமல் போனால் அதுவும் மெல்லக் குறையும். மறையச் சில ஆண்டுகள்கூட ஆகும். ஆறு மாதத்துக்கொருமுறை 240, 150, 90 என்று இறங்கியது, நல்ல குறி. திடீரென்று 210! விசாரித்தால், லேப் மாறியிருந்தது. பழைய லேபில் திரும்பப் பார்த்தோம், 70தான். முறைக்கு முறை எண் மாறும், ஒன்றோடொன்று ஒப்பிடலாகாது.

அயோடின் கொடுத்த சில மாதம் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. அதன்பிறகும் ஒரே லேபில் தொடர்ந்து ஏறினால்தான், கழுத்து ஸ்கேனுக்குத் தாமதிக்கக் கூடாது.