மூடிய கணக்கைத் தேடி வரும் தவணை

வேலை மாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பழைய சம்பளக் கணக்கு மிச்சமாகிறது. சம்பளம் வந்துகொண்டிருந்த வரை குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே எழாது. சில மாதங்கள் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அதன்பின் சராசரி இருப்பு குறைந்தால் அபராதம். எதற்கு இந்தத் தண்டச் செலவு என்று கணக்கை மூடக் கிளம்புகிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் பலர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: முதலில் மூடிவிட்டு, பிறகு தவணைகளைப் பற்றி யோசிக்கிறார்கள்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்துவிட்டுக் கோவைக்கு வேலை மாறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 18 அன்று அவருடைய பழைய கணக்கில் 6,214 ரூபாய் இருக்கிறது. ஆப்பிலும் அதுதான், பாஸ்புக்கிலும் அதுதான். ஆனால் மூடும்போது கைக்கு வரும் தொகை அது இல்லை.

முதலில் வர வேண்டியது. சேமிப்புக் கணக்கு வட்டி 2010 ஏப்ரல் முதல் அன்றன்றைய இருப்பின் மீது கணக்கிடப்படுகிறது; ஆனால் பல வங்கிகள் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரவு வைக்கின்றன. ஜூலை 1 முதல் சேர்ந்த வட்டி இன்னும் கணக்கில் ஏறவில்லை. 2.5 சதவீதம் என்றால் சுமார் 34 ரூபாய். மூடும் நாள் வரைக்குமான இந்த வட்டியை வங்கி கொடுத்தாக வேண்டும்.

அடுத்து போக வேண்டியது. இருப்புக் குறைவுக்கான அபராதத்தை வங்கிகள் மாதமோ காலாண்டோ முடிந்த பிறகுதான் கணக்குப் பார்த்துப் பிடிக்கும். ஆகஸ்ட் மாதத்து 300 ரூபாய் இன்னும் பிடிக்கப்படாமல் நிற்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டியோடு அது 354. டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் 200 என்றால் வரியோடு 236. எஸ்எம்எஸ் கட்டணம் 15 ரூபாய், வரியோடு 17.70. எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 5,640 ரூபாய் 30 காசு. கட்டணங்கள் வங்கிக்கு வங்கி மாறும்; கணக்குப் போடும் விதம் மாறாது. ஆகவே கவுன்ட்டரில் ‘பேலன்ஸ் எவ்வளவு’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘பிடிக்க வேண்டிய கட்டணம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா, லீன் ஏதாவது போட்டிருக்கிறதா’ என்றும் கேட்க வேண்டும். லீன் என்பது பணம் கணக்கிலேயே இருந்தாலும் எடுக்க விடாமல் முடக்கி வைப்பது. ஐபிஓவுக்கு விண்ணப்பித்த தொகை அப்படி முடங்கியிருந்தால், அது விடுபடும் வரை கணக்கை மூட மாட்டார்கள்.

சரி, கணக்கில் பணமே இல்லாவிட்டால்? இருப்புக் குறைவு அபராதம் ஒன்றை மட்டும் காரணம் காட்டிக் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் போட்ட உத்தரவு. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மைனஸில் காட்டி ‘கட்டிவிட்டு மூடுங்கள்’ என்று சொன்னால் இந்த விதியைச் சொல்லி எழுத்துமூலம் கேட்கலாம். ஆனால் தவணை திரும்பியதற்கான கட்டணம் வேறு வகை, அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மூடுவதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு. ஸ்டேட் வங்கி உட்படப் பல வங்கிகளில் திறந்த 14 நாளுக்குள்ளோ ஓராண்டுக்குப் பிறகோ மூடினால் இலவசம். இடைப்பட்ட காலத்தில்தான் கட்டணம். பதினோராவது மாதத்தில் மூட நினைப்பவர் இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் லாபம்.

இவையெல்லாம் சில நூறு ரூபாய் விவகாரம். நிஜமான சிக்கல் ஆட்டோபே.

தானாகப் பணம் பிடிக்க நாம் கொடுக்கும் அனுமதி அந்தக் கணக்கு எண்ணோடு கட்டப்பட்டது. அதே வங்கியில் வேறு கணக்கு இருந்தாலும் அது தானாக அங்கே போகாது. இந்த அனுமதிகளை எல்லாம் காட்டும் ஒரே பட்டியல் நம் கையில் இல்லாததுதான் தொல்லை. கடன் தவணையும் எஸ்ஐபியும் பெரும்பாலும் நாச் வழியே போகும். அவை நெட்பேங்கிங்கில் மாண்டேட் என்ற பகுதியில் தெரியும். யுபிஐ ஆட்டோபே எந்த ஆப்பில் போட்டோமோ அதில் முதலில் தேட வேண்டும். டெபிட் கார்டைக் கொடுத்து எடுத்த ஓடிடி சந்தா மூன்றாவது இடத்தில் கிடக்கும்.

அதனால் நினைவை நம்புவதைவிட ஸ்டேட்மென்ட்டை நம்புவது மேல். கடைசி 13 மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கி `ACH`, `NACH`, `ECS`, `MANDATE`, `SI` ஆகியவற்றைத் தேட வேண்டும். ஏன் 13 மாதம்? வருடத்துக்கு ஒரே ஒரு முறை போகும் பணம் அப்போதுதான் சிக்கும். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். இரண்டும் மே மாதக் கடைசியில் பிடிக்கப்படும், ஜூன் 1 முதல் ஓராண்டுக்குச் செல்லும். கணக்கை மூடினால் அந்தக் காப்பீடு அதோடு முடிந்துவிடும். செப்டம்பரில் மூடுகிறவருக்கு மே மாதத்து 20 ரூபாய் ஞாபகம் இருக்குமா?

கோவைக்காரருக்கு 5ஆம் தேதி பைக் கடன் தவணை. செப்டம்பர் 20இல் புதுக் கணக்கின் எண்ணைக் கொடுத்துக் கடன் நிறுவனத்தில் புது மாண்டேட் பதிகிறார். நெட்பேங்கிங் அல்லது ஆதார் மூலம் பதிந்தால் சில நாளில் முடியும். காகிதப் படிவம் என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். தவணைக் கோரிக்கைகளை முன்கூட்டியே தயாரித்துவிடும் நிறுவனங்களும் உண்டு. அதனால் அக்டோபர் 5 தவணை பழைய கணக்குக்கே வந்து நிற்கலாம். அதுவரை பழைய கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், ஒரு தவணைக்கான பணமும் அதில் கிடக்க வேண்டும். நவம்பர் 5 தவணை புதுக் கணக்கில் பிடிக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடுவதே பாதுகாப்பு. அதாவது வங்கியில் அரை நாள் வேலை, அதற்கு முன்னால் ஒன்றரை மாதக் காத்திருப்பு.

அவசரப்பட்டு மூடியிருந்தால், கணக்கு மூடப்பட்டது என்ற காரணத்தோடு தவணை திரும்பும். பவுன்ஸ் கட்டணத்தைக் கடன் நிறுவனம் போடும், தாமதம் கடன் வரலாற்றில் ஏறும். கணக்கை மூடாமல் காலியாக மட்டும் விட்டிருந்தால் வங்கியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடும். வங்கியில் மாண்டேட்டை ரத்து செய்தால் கடனும் ரத்து என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் பிடிக்கும் வழிதான் அடைபடும்; கட்ட வேண்டிய பொறுப்பு அப்படியே இருக்கும். பழைய கணக்கின் பேரில் முன்தேதியிட்ட காசோலை கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கணக்கு மூடப்பட்டதால் காசோலை திரும்பினாலும் 138ஆவது பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

உள்ளே வரும் பணத்தையும் அதே ஸ்டேட்மென்ட்டில் பார்த்துவிடலாம்: டிவிடெண்ட், வருமான வரி ரீஃபண்ட், கேஸ் மானியம். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் கடைசியாக எந்த வங்கியில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். அது இந்தக் கணக்காக இருந்தால், புது வங்கியில் ஆதார் இணைப்பு கேட்டுவிட்டுத்தான் மூட வேண்டும்.

மூடும் நாளில் படிவத்தோடு பாஸ்புக், மீதிக் காசோலைகள், டெபிட் கார்டு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். மூடியதும் நெட்பேங்கிங் நின்றுவிடும். அதனால் நடப்பு நிதியாண்டின் ஸ்டேட்மென்ட்டை முதல் நாளே இறக்கி வைக்க வேண்டும். கணக்கு மூடப்பட்டது என்ற கடிதத்தையும் வங்கியில் கேட்டு வாங்க வேண்டும். அந்த 34 ரூபாய் வட்டியையும் அதற்கு முந்தைய காலாண்டு வட்டியையும் அடுத்த ஆண்டு ரிட்டர்னில் காட்ட வேண்டும். எண்கள் அந்தத் தாளில்தான் இருக்கும்.