தொடை எலும்பின் தலை பட்டுப்போவது ஏன்?

எலும்பு என்றதும் கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் எலும்புக்கும் உயிருண்டு. இரத்தம் வராவிட்டால், நீர் காணாத கிளையைப் போல அதுவும் பட்டுப்போகும். இடுப்பு மூட்டில் பந்து போல அமைந்த தொடை எலும்பின் தலைக்கே இந்த ஆபத்து அதிகம். அதன் கழுத்தை ஒட்டி ஏறும் சில மெல்லிய தமனிகளையே அது பெரிதும் நம்பியிருக்கிறது.

கழுத்துப் பகுதி முறிந்தால் இத்தமனிகள் அறுந்துவிடலாம். முறிவே இல்லாமல் பெரியவர்களுக்கு இந்நோய் வருவதற்கு ஸ்டீராய்டு மருந்தும், நெடுநாள் மிதமிஞ்சிய மதுவும் முக்கியக் காரணங்கள். இவை எலும்பு மஜ்ஜையில் கொழுப்பைப் பெருக்குகின்றன. எலும்போ விரிந்து கொடுக்காத கூடு. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறி நுண்குழாய்கள் நசுங்குகின்றன என்பர்.

எவ்வளவு ஸ்டீராய்டு ஆபத்து? பிரட்னிசலோன் கணக்கில் மொத்தம் 2000 மில்லிகிராம் என்பது மருத்துவர்கள் அஞ்சிவந்த அளவு. நாளொன்றுக்கு 40 வீதம் 50 நாட்கள். ஆனால் கொரோனாவுக்குப் பின் இந்நோய் கண்ட மூவரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். மூவரும் நாற்பதைத் தாண்டாதவர்கள். அவர்கள் பெற்ற அளவு சராசரியாக 758 மில்லிகிராம்தான். அதே கணக்கில் 19 நாள் மருந்து. இதைக் கேட்டு மருந்தைத் தாமாக நிறுத்துவதும் தவறு. உயிர் காக்கவே அது தரப்படுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே தெருவில் யார் மருத்துவச் சீட்டு வாங்கி வந்தாலும் என்னிடம்தான் படிக்கக் கொடுப்பார்கள். ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்ற வரியைக் கேட்டதும் அவர்கள் முகம் மலரும். இந்நோயில் அந்த வரியை மட்டும் நம்பக் கூடாது.

நோயை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் கட்டத்தில் எக்ஸ்ரேயில் ஏதும் தெரியாது, எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரியும். இரண்டாவதில் எக்ஸ்ரேயிலும் மாற்றம் தெரியும். ஆனால் பந்தின் உருண்டை வடிவம் குலையாது. பட்ட எலும்பை உடல் அரித்து நீக்கும் வேகத்துக்குப் புது எலும்பு வளர்வதில்லை. எனவே மூன்றாவதில் குருத்தெலும்புக்கு அடியில் பிறை போன்ற விரிசல் விழுந்து தலை அமுங்குகிறது. நான்காவதில் மூட்டே தேய்ந்துவிடும்.

மூட்டைக் காக்கும் காலம் முதல் இரண்டு கட்டங்களே. அப்போது தொடை எலும்பின் பக்கவாட்டிலிருந்து பட்ட பகுதிவரை துளையிட்டு அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையைச் செறிவாக்கி அத்துளையில் செலுத்துவதும் உண்டு. பிறகு சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடக்க வேண்டும். பட்ட பகுதி பெரிதானால் இம்முறை பலிப்பது அரிது. தலை அமுங்கிய பின் பெரும்பாலும் செயற்கை மூட்டுதான் வழி.

ஆகவே ஸ்டீராய்டு எடுத்தவருக்கோ மிகுதியாகக் குடிப்பவருக்கோ தொடையிடுக்கில் வலி நீடித்தால், சம்மணமிட்டு உட்காரச் சிரமம் தோன்றினால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். மறு பக்கத்து இடுப்பையும் சேர்த்தே பார்க்கச் சொல்ல வேண்டும். பலருக்கு இரு பக்கமும் இந்நோய் வருகிறது.