கரியின் மேற்பரப்பும் ஒரு நேர்கோடும்

வாயுவொன்று திண்மமொன்றின் உட்புகுந்து அதன் முழுப் பருமனிலும் பரவுதல் உறிஞ்சல் எனப்படும். உட்புகாது, அதன் மேற்பரப்பிலே மட்டும் தங்குதல் புறத்துறிஞ்சல் எனப்படும். மரக்கரி, கணக்கற்ற நுண்டுளைகளைக் கொண்டிருத்தலால், சிறு நிறையிலும் மிகப் பெரிய மேற்பரப்பு உடையது. அம்மேற்பரப்பு முழுவதையும் ஒரே படையாக மூடுதற்கு எவ்வளவு வாயு வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படும் வினாவாகும். அவ்வளவினைக் கரியின் ஒற்றைப்படைக் கொள்ளளவு என்பர். மேற்பரப்பு நிரம்பும் வரை வாயுவைச் செலுத்தி இதனை நேரே அளத்தல் பெரும்பாலும் இயலாது. ஆதலின், நிரம்பாத நிலையிற் பெற்ற அளவீடுகளை ஒரு நேர்கோட்டிற் பொருத்தி, அக்கோட்டிலிருந்து கொள்ளளவை உய்த்தறிவர்.

இம்முறைக்கு அடிப்படை அமைத்தவர் இர்விங் லாங்மியூர் என்னும் அமெரிக்க விஞ்ஞானியாவர். ஜெனரல் எலெக்ட்றிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் மின்குமிழ்களின் உட்பகுதியில் வாயுக்களின் நடத்தையை ஆராய்ந்த அவர், 1918ஆம் ஆண்டில் இக்கொள்கையை விரிவாக வெளியிட்டார். மேற்பரப்பில் மூலக்கூறுகள் தங்குதற்கு ஒரேதன்மையான இடங்கள் உள்ளன. ஓரிடத்தில் ஒரு மூலக்கூறே தங்கும். அயலிடம் நிரம்பியிருத்தலும் வெறுமையாயிருத்தலும் அதனைப் பாதியா. இவையே அவர் கொண்ட எடுகோள்கள்.

வாயு மூலக்கூறுகள் வந்து ஒட்டும் வீதம் அமுக்கத்துக்கும் வெற்றிடங்களின் பின்னத்துக்கும் விகிதசமமாகும். விட்டு நீங்கும் வீதம் நிரம்பிய இடங்களின் பின்னத்துக்கு விகிதசமமாகும். சமநிலையில் இவ்விரு வீதங்களும் ஒன்றாகும். அமுக்கத்தை p எனவும், புறத்துறிஞ்சப்பட்ட வாயுவின் கனவளவை V எனவும், கொள்ளளவை M எனவும், ஒட்டுதலின் வன்மையைக் காட்டும் மாறிலியை K எனவும் குறிக்க, பெறப்படுவது:

V = MKp / (1 + Kp)

இது வளைகோட்டின் சமன்பாடு. வளைகோடு எவ்வெல்லையை நோக்கிச் செல்கின்றது என்பதைக் கண்ணால் மதிப்பிடுதல் அரிது. எனவே, சமன்பாட்டைப் பின்வருமாறு மாற்றி எழுதுவர்:

p/V = p/M + 1/(KM)

இப்போது p/V என்பதை p இற்கு எதிரே குறித்தால் நேர்கோடு கிடைத்தல் வேண்டும். அக்கோட்டின் படித்திறனின் தலைகீழே கொள்ளளவு. படித்திறனை வெட்டுத்துண்டால் வகுக்க K கிடைக்கும்.

பௌதிக இரசாயனப் பாடநூல்களிற் பயிற்சிக்காகத் தரப்படும் ஓர் அளவீட்டுத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 0° சதமவளவையில் கரியின்மேல் காபனோரொட்சைட்டு வாயு புறத்துறிஞ்சப்பட்டதை அது காட்டுகின்றது. அமுக்கம் இரச மில்லிமீற்றரிலும், கனவளவு 0° வெப்பநிலைக்கும் 760 மில்லிமீற்றர் அமுக்கத்துக்கும் திருத்தப்பட்டுக் கனசதமமீற்றரிலும் தரப்பட்டுள்ளன.

| p | V | p/V |
|---|---|---|
| 100 | 10.2 | 9.80 |
| 200 | 18.6 | 10.75 |
| 300 | 25.5 | 11.76 |
| 400 | 31.5 | 12.70 |
| 500 | 36.9 | 13.55 |
| 600 | 41.6 | 14.42 |
| 700 | 46.1 | 15.18 |

இவ்வேழு புள்ளிகளையும் வரைபுத்தாளிற் குறித்துப் பார்ப்பவர்க்கு அவை நேர்கோட்டில் அமைந்தனவாகவே தோன்றும். இழிவு வர்க்க முறையாற் பொருத்தினால், படித்திறன் 0.00902 எனவும் வெட்டுத்துண்டு 8.99 எனவும் வரும். ஆகவே, கொள்ளளவு 111 கனசதமமீற்றர். K ஏறத்தாழ 0.0010. மாணவர் பலர் இவ்விடத்தில் கணக்கை முடித்துக்கொள்வர். ஆயினும், விடையைப் பரிசோதித்தல் இங்கேதான் தொடங்கவேண்டும்.

முதலாவதாகக் கவனிக்கத்தக்கது, விடைக்கும் அளவீடுகளுக்கும் உள்ள தூரம். அளக்கப்பட்ட மிகப் பெரிய கனவளவு 46.1, கொள்ளளவோ 111. அஃதாவது, மேற்பரப்பின் 42 சதவீதம் மட்டுமே நிரம்பிய நிலையில் பரிசோதனை நின்றுவிட்டது. K இன் பெறுமானத்தின்படி பாதி இடம் நிரம்புதற்கே ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் அமுக்கம் வேண்டும். ஆதலின், 111 என்பது கண்ட எண்ணன்று. கோட்டை நம்பி ஊகித்த எண்ணாகும்.

இரண்டாவது, கோடு உண்மையில் நேரானதா என்பது. அட்டவணையின் மூன்றாம் நிரலில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்களை எடுத்தால் 0.95, 1.01, 0.94, 0.85, 0.87, 0.76 என வருகின்றன. அமுக்கம் ஒவ்வொரு முறையும் நூறு நூறாகவே கூடுவதால், லாங்மியூரின் எடுகோள்கள் முற்றும் பொருந்துமாயின் இவை சமமாயிருத்தல் வேண்டும். வாசிப்புப் பிழையே காரணமாயின் அவை ஒழுங்கின்றி ஏறியிறங்கும். இங்கோ, அவை படிப்படியாகக் குறைந்து செல்கின்றன. பொருத்திய கோட்டோடு ஒப்பிடினும் இவ்வுண்மை புலனாகும்: இருமுனைப் புள்ளிகளும் கோட்டுக்குக் கீழேயும் நடுப்புள்ளி மேலேயும் அமைகின்றன. எனவே, நேர்கோடு போலத் தோன்றியது சிறிது வளைந்த கோடே.

இவ்வளைவு சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. முதல் மூன்று புள்ளிகளை மட்டும் கொண்டு கணித்தால் கொள்ளளவு 102. இறுதி மூன்றைக் கொண்டு கணித்தால் 122. K யும் 0.0011 இலிருந்து 0.00086 ஆகக் குறைகின்றது. வாயு முதற்படையின் மேல் இன்னொரு படையாக அடுக்கப்படுதல் இதற்குக் காரணமாகாது. காபனோரொட்சைட்டின் அவதி வெப்பநிலை 133 கெல்வின் ஆதலின், 0° இல் அது திரவமாக ஒடுங்கிப் படையின்மேற் படை அமைத்தல் இயலாது. மேலும், பாதி இடமேனும் இங்கு நிரம்பவில்லை. கரியின் இடங்கள் யாவும் ஒரேதன்மையன அல்ல என்பதே பொருத்தமான விளக்கமாகும். வன்மையாகப் பற்றும் இடங்கள் குறைந்த அமுக்கத்தில் முதலில் நிரம்புகின்றன. மென்மையாகப் பற்றும் இடங்கள் பின்னர் நிரம்புகின்றன. ஆகையால், அமுக்கம் கூடக்கூட K குறைவதாகவும் கொள்ளளவு பெருகுவதாகவும் தோன்றுகின்றது.

மூன்றாவது, கோடு வரையும் முறை. சிலர் 1/V என்பதை 1/p இற்கு எதிரே குறிப்பர். இயற்கணிதப்படி இதுவும் அதே சமன்பாடே. வெட்டுத்துண்டின் தலைகீழ் கொள்ளளவாகும். ஆனால் அத்தாளில் 100 மில்லிமீற்றருக்குரிய புள்ளி வலப்புறத்தில் தனித்து நிற்க, 300 முதல் 700 வரையுள்ள ஐந்து புள்ளிகளும் இடப்புறத்தில் நெருங்கிக் கிடக்கும். எனவே, மிகக் குறைந்த கனவளவுடைய அம்முதற்புள்ளியே கோட்டின் சாய்வைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. இம்முறையாற் கிடைக்கும் கொள்ளளவு 107. முதல் வாசிப்பு 10.2 ஆகவன்றி 10.4 ஆக எடுக்கப்பட்டிருந்தால் அது 101 ஆகிவிடும். அதே மாற்றம் முந்திய முறையில் 111 ஐ 108 ஆக மட்டுமே குறைக்கும். ஆதலின், கொள்ளளவை அறிதற்கு p/V முறையே மேலானது.

குறையை நீக்கும் வழி கணிதத்தில் இல்லை; பரிசோதனையிலேயே உண்டு. புறத்துறிஞ்சல் வெப்பத்தை வெளிவிடும் செயலாதலால், வெப்பநிலையைக் குறைத்தால் K கூடும். அதே அமுக்கத்தில் மேற்பரப்பின் பெரும்பகுதி நிரம்பும். அன்றேல், அமுக்கத்தை மேலும் உயர்த்தி அளத்தல் வேண்டும். பாதிக்கு மேல் நிரம்பிய பின் பெறும் புள்ளிகளே கொள்ளளவைப் பற்றி நேராகச் சாட்சி கூறும்.

அவ்வளவீடுகள் இல்லாதவிடத்து, விடையை 111 என்று மட்டும் எழுதுதல் போதாது. 42 சதவீதம் நிரம்பியவரை அளந்ததனாற் பெற்றது என்பதையும், புள்ளிகளைத் தெரிவுசெய்வதற்கேற்ப அது 102 முதல் 122 வரை வேறுபடும் என்பதையும் உடன் எழுதுதலே முறையாகும். புள்ளிகள் கோட்டுக்கு அருகில் இருக்கின்றன என்பதனால் மட்டும் எடுகோள்கள் மெய்ப்பிக்கப்படுவதில்லை. அவை கோட்டின் இருபுறமும் ஒழுங்கின்றிச் சிதறுகின்றனவா, அன்றி ஒருபுறமாக வளைந்து செல்கின்றனவா என்பதையே பார்த்தல் வேண்டும்.